கேக் டின்னும் வரைபடத்தாளும்

(குறுவள மைய அளவிலான கணித ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் நாங்கள் செய்து பார்த்த ஒரு செயல்பாட்டை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். அவருடைய செய்முறை 20 செ.மீ. விட்டமுள்ள வட்ட டின்னுக்கானது. மைதா 180 கிராம், சர்க்கரை 180 கிராம், வெண்ணெய் 180 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி. ஒரு பிறந்தநாளுக்கு இதய வடிவ கேக் கேட்டு ஆர்டர் வந்தது. டின்னை வாங்கிவிட்டார். ஆனால் எவ்வளவு மாவுக்கலவை ஊற்றுவது? கூடினால் ஓவனில் பொங்கி வழியும். குறைந்தால் கேக் தட்டையாகிவிடும். காசு கொடுத்து வாங்குபவர் ஏற்கமாட்டார். இந்தக் கேள்வியை மாணவி வகுப்புக்குக் கொண்டுவந்தாள்.

முதலில் குழந்தைகள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு டின்னிலும் கலவை ஒரே உயரத்துக்கு நிற்க வேண்டுமானால், கலவையின் கன அளவு டின்னின் அடிப்பரப்பைப் பொறுத்தே மாறும். எனவே நமக்கு வேண்டியது இரண்டு பரப்பளவுகளின் விகிதம் மட்டுமே. வட்டத்தின் பரப்பளவு ஏழாம் வகுப்பிலேயே படித்தது. ஆரம் 10 செ.மீ.; 3.14 × 10 × 10 = 314 சதுர செ.மீ. இதயத்துக்கு அப்படியொரு சூத்திரம் அவர்களிடம் இல்லை. டின்னோ அம்மாவுக்கு வீட்டில் வேண்டும். அதனால் மாணவியை ஒரு புகைப்படம் எடுத்து வரச் சொன்னேன். அருகே ஓர் அளவுகோல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அந்த அளவுகோலை எங்கே வைப்பது என்பதில்தான் இந்தச் செயல்பாட்டின் நுட்பமே இருக்கிறது. டின்னின் உயரம் 5 செ.மீ. அளவுகோலை மேசைமேல் வைத்து, மேசையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கைபேசியைப் பிடித்துப் படம் எடுத்தால், டின்னின் விளிம்பு கேமராவிலிருந்து 45 செ.மீ. தூரத்திலும் அளவுகோல் 50 செ.மீ. தூரத்திலும் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் அல்லவா? விளிம்பின் நீளங்கள் அளவுகோலோடு ஒப்பிட 50/45, அதாவது 1.11 மடங்காகத் தெரியும். பரப்பளவில் இது 1.23 மடங்கு. கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல்! கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் கலவை வழிந்துவிடும். ஆகவே நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் அளவுகோலை டின்னின் விளிம்பு மட்டத்துக்கு உயர்த்தி வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது, கைபேசி சாய்ந்திருக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு அளவுகோல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்துவிடுங்கள். அச்சிட்ட படத்தில் இரண்டின் 10 செ.மீ. நீளமும் சமமாகவும், இடைப்பட்ட கோணம் செங்கோணமாகவும் இருந்தால் படம் நேராக இருக்கிறது. வேறுபட்டால் மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

படத்தைத் தாளில் அச்சிட்டோம். எந்த அளவில் அச்சிட்டாலும் பரவாயில்லை; அளவுகோலும் படத்தோடு சேர்ந்தே சுருங்கிவிடும். எங்கள் தாளில் அளவுகோலின் 10 செ.மீ. நீளம், அளந்து பார்த்தபோது 4 செ.மீ. இருந்தது. படத்தின்மேல் வரைபடத்தாளை வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, டின்னின் உள்விளிம்பை வரைந்தார்கள். வெளிவிளிம்பை வரைந்துவிடக் கூடாது. வெளியே மடித்துவிட்ட தகட்டின் மேல் கலவை நிற்காது.

பிறகு அரை செ.மீ. பக்கமுள்ள கட்டங்களை எண்ணினோம். முழுக் கட்டங்கள் 116. பாதிக்கு மேல் உள்ளே இருந்தவை 28; அவற்றை முழுதாகக் கொண்டோம். பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிட்டோம். மொத்தம் 144. நான்கு கட்டங்கள் சேர்ந்தால் ஒரு சதுர செ.மீ. ஆகவே தாளில் பரப்பளவு 36 சதுர செ.மீ.

இனி உண்மையான பரப்பளவு. தாளில் 4 செ.மீ. என்பது உண்மையில் 10 செ.மீ. அதாவது 1 செ.மீ.க்கு 2.5 செ.மீ. உடனே பாதி வகுப்பு 36 × 2.5 = 90 என்று எழுதிவிட்டது. நான் தவறு என்று சொல்லவில்லை. இதயத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் வரையச் சொன்னேன். அதன் உண்மையான அளவு ஏறக்குறைய 19 செ.மீ.க்கு 17.5 செ.மீ.; பரப்பளவு 330 சதுர செ.மீ.க்குச் சற்று மேல். படத்தில் இதயம் செவ்வகத்தின் பாதிக்கு மேல் அடைத்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. அது எப்படி 90 ஆகும்? தாளில் உள்ள ஒரு சதுர செ.மீ.யின் நீளமும் 2.5 மடங்கு, அகலமும் 2.5 மடங்கு என்பதை அப்போது அவர்களே சொன்னார்கள். ஒரு சதுர செ.மீ. என்பது 6.25 சதுர செ.மீ. எனவே 36 × 6.25 = 225 சதுர செ.மீ.

விகிதம் 225/314, ஏறத்தாழ 0.72. மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஒவ்வொன்றும் 180 × 0.72, அதாவது 130 கிராம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி போதும். முட்டை 2.16 என்று வந்ததும் வகுப்பில் ஒரே சிரிப்பு. ஓடு நீங்கலாக ஒரு முட்டையை 50 கிராம் என்று வைத்தால், தேவை 108 கிராம். இரண்டு முட்டை, குறையும் ஈரத்துக்கு இரண்டு சிறு கரண்டி பால் என்று முடிவு செய்தோம்.

வேகும் நேரத்தையும் ஒருவன் 0.72ஆல் பெருக்கினான். 40 நிமிடம் 29 நிமிடமாகிவிட்டது. இங்கே நிறுத்திப் பேசுங்கள். கலவையின் உயரம் மாறவில்லை. வெப்பம் மேலும் கீழுமிருந்து நடுப்பகுதியை எட்டக் கடக்கும் தூரமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே நேரம் பரப்பளவின் விகிதத்தில் குறையாது. சிறிய டின் சற்று முன்னதாக வேகலாம் என்பதால், 33 நிமிடம் முதலே ஈர்க்குச்சியால் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். குச்சியில் ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. விகிதசமத்தில் எது மாறும், எது மாறாது என்பதைக் குழந்தைகள் யோசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. டின்னின் சுவர் நேராக நிற்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகிய டின்னில் விளிம்பின் பரப்பளவு கலவையை அதிகமாகக் காட்டிவிடும்.

விடையைச் சரிபார்க்கத் தண்ணீர் போதும். டின்னில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் அளந்தால் 225 × 2, அதாவது 450 மி.லி. அளவில் வர வேண்டும். மாணவி வீட்டில் அளந்தபோது 460 வந்தது. கட்டம் எண்ணிய கணக்குக்கு இந்த நெருக்கம் போதும். அம்மா துணிந்து கலவையை ஊற்றினார். ஆர்டரும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

உங்கள் வகுப்பில் கேக் டின் கிடைக்காவிட்டால், நேரான சுவருள்ள எந்தப் பாத்திரமும் போதும். படம் எடுக்கும்போது அளவுகோல் விளிம்பின் மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.