நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஒரு தோட்டக் கமிட்டியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



காலையிலிருந்து சம்பளம், சட்டம் என்று பெரிய விஷயங்கள் பேசினீர்கள். எங்களுக்குத் தந்திருப்பது ஊர்க்கதையைப் பற்றிய தலைப்பு. சிரிக்கிறீர்கள். ஆனால் ஒரு மலையில் வேலை செய்யும் 22 பெண்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் தோட்டத்தில் நாங்கள் பார்த்துவிட்டோம். அதில் பாதித் தவறு கமிட்டியான எங்களுடையது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் கொழுந்துக் கூட்டத்தில் நாலு பேர் எப்போதும் ஒன்றாகவே இருப்பார்கள். ஒரே லயம், ஒன்றாகப் படித்தவர்கள். பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பார்கள். தேத்தண்ணி நேரத்தில் ஒரு நிழல் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். பல வருஷமாக இப்படித்தான். யாருக்கும் அது கண்ணில் குத்தவில்லை.

கொழுந்து குறைந்த ஒரு வறட்சிக் காலத்தில் கதை தொடங்கியது. கிலோ வராமல் பலருக்கு அரைப் பேர் விழுந்தபோது, "அந்த நாலு பேருக்குத்தான் நல்ல நிரை, கங்காணி அவங்க ஆளு" என்றார்கள். அடுத்த கிழமை, "அவங்கதான் கணக்கப்பிள்ளைக்குக் கோள் சொல்றாங்க" என்று வந்தது. அதற்கடுத்த கிழமை, "பத்துப் பேரை வேலையிலிருந்து நிப்பாட்டப் போறாங்க, பேரு எழுதிக் கொடுத்தது அந்த நாலு பேருதான்" என்று முடிந்தது. மடுவத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே வாய்ச்சண்டை. கையும் நீளப் பார்த்தது.

நாங்கள் என்ன செய்தோம்? முதலில் எல்லோரையும் கூப்பிட்டு, "இந்தக் கதையை யார் சொன்னது?" என்று விசாரித்தோம். இரண்டு மணி நேரம் போனது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைவிட மோசம், அதற்குப் பிறகு உண்மையான முறைப்பாட்டைக் கூட எங்களிடம் கொண்டு வரப் பயந்தார்கள். தராசில் கிலோ குறைத்தால்கூட "நமக்கேன் வம்பு, பிறகு யார் சொன்னது என்று கேட்பார்கள்" என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டாவதாக, கங்காணியிடம் சொல்லி அந்த நாலு பேரையும் பிரித்து வைத்தோம். ஒருத்தி மேல் தொங்கல், ஒருத்தி கீழ்த் தொங்கல், மற்ற இருவர் நடுவில். தேத்தண்ணிக்கும் தனித்தனியாக உட்காரச் சொன்னோம். கூட்டம் அமைதியானது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த நாலு பேரில் ஒரு அக்காவுக்கு இடது காது கேட்காது. வலது காதும் மந்தம். அது அவருடைய சிநேகிதிகளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பிரித்து வைத்து மூன்றாவது கிழமை, கொழுந்து எடுக்கும்போது மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். கீழ்த் தொங்கலில் தனியாக நின்ற அந்த அக்காவுக்குக் கேட்கவில்லை. முன்பென்றால் பக்கத்து நிரையில் நிற்பவள் படங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். அன்று இழுக்க ஆளில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எங்களுக்கு விளங்கியது. பக்கத்துப் பக்கத்தில் நின்றதை நாங்கள் கூட்டுச் சேர்வது என்று பார்த்தோம். அவர்கள் ஒருவரையொருவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுத்த நாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் அந்த நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டோம். பழையபடி சேர்ந்து நிற்கலாம் என்றோம்.

ஆனால் நிரையைப் பற்றிய குறை அப்படியே இருந்தது. அதைக் கதை என்று தள்ளிவிட முடியாது. சம்பளம் அதில் இருக்கிறது. எனவே இந்த முறை ஆளைப் பார்க்காமல் நிரையைப் பார்த்தோம். ஒரு கொப்பி வாங்கி, மூன்று சுற்றுக்கு, யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தினமும் எழுதினோம்.

அந்த மலையில் ஆற்றோரப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த மோசமான பக்கம். கல்லும் பள்ளமும், செடி விட்டு விட்டு நிற்கும். ஒரு சுற்றில் ஐந்து பேர் அங்கே போக வேண்டும். மூன்று சுற்றில் 15 தடவை. கொப்பியைக் கூட்டிப் பார்த்தோம். அந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் ஆற்றோரம் விழுந்திருந்தது. 22 பேருக்கும் சமமாகப் பிரித்தால் அவர்களுக்கு இரண்டு மூன்று தடவை வரவேண்டும். ஆகவே கதையில் கொஞ்சம் உண்மை இருந்தது.

பெரிய உண்மை வேறு இடத்தில் இருந்தது. மூன்று பெண்கள் மூன்று சுற்றிலும் ஆற்றோரத்திலேயே நின்றிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது தடவை. கதையைக் கூடுதலாகப் பேசியவர்களும் அவர்கள்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அவர்கள் பேசவே இல்லை. பேச நேரமில்லை. மூன்று பேருமே கைப்பிள்ளைக்காரிகள். பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வரும்போது பெரட்டு முடிந்திருக்கும். கங்காணி வருகிற வரிசைக்கு ரோட்டுப் பக்கத்திலிருந்து நிரை கொடுத்துக்கொண்டு போவார். கடைசியில் வருகிறவர்களுக்கு ஆற்றோரம். அந்த நாலு பேர் வீட்டுப் பிள்ளைகளை ஒரு பாட்டி மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போய் விடுவதால் அவர்கள் முதலில் வந்து விடுகிறார்கள். அவ்வளவுதான். கங்காணி யாருக்கும் சலுகை காட்டவில்லை. வரிசைதான் சலுகை காட்டியது.

இதற்கு வழி சுலபமாக இருந்தது. கங்காணியோடும் கணக்கப்பிள்ளையோடும் பேசி, போன சுற்றில் ஆற்றோரம் போனவர்கள் இந்தச் சுற்றில் போவதில்லை, முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் முறை மாறாது என்று வைத்தோம். கொப்பியை யாரும் வாங்கிப் பார்க்கலாம். சேர்ந்து நிற்க விரும்புகிறவர்கள் சேர்ந்தே நிற்கலாம். ஆனால் முறை வரும்போது ஆற்றோரத்திலும் சேர்ந்தே நிற்க வேண்டும். அந்த நாலு பேரும் முதல் முறை ஆற்றோரம் இறங்கிய நாளில் மற்றவர்கள் மேலே நின்று கைதட்டியதை இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்னொரு முறைப்பாடும் வந்தது. அந்த நாலு பேரில் ஒருத்திக்குக் கிலோ குறைந்தால் மற்றவள் தன் கூடையிலிருந்து இரண்டு கிலோ அள்ளிப் போட்டுப் பேரை நிரப்பிவிடுகிறாளாம். கமிட்டிக்குள்ளேயே இதில் வாக்குவாதம். எங்கள் முடிவு இது: தான் எடுத்த கொழுந்தைத் தானே கொடுத்தால் அவளுக்குத்தான் குறைகிறது, மூன்றாவது ஆளுக்கு நட்டமில்லை, அதில் சங்கம் தலையிடாது. மற்றவளின் நிரையில் கை வைத்தால் தலையிடும். யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன குறைந்தது என்று கேட்கத் தொடங்கிய பிறகு, பாதி முறைப்பாடுகளுக்கு அங்கேயே பதில் கிடைத்தது.

இனி அந்தப் பட்டியல் கதை. பத்துப் பேரை நிப்பாட்டப் போகிறார்கள் என்ற பயம் லயத்துக்கு லயம் பரவி, சிலர் வேறு வேலை தேடிக் கொழும்புக்குப் போகவும் ஆயத்தமானார்கள். "பொய், நம்பாதீர்கள்" என்று நாங்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? எங்களுக்கும் ஒன்றும் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஒரு தலைவி கேட்ட கேள்விதான் கதவைத் திறந்தது. "யார் சொன்னது என்று கேட்காதீங்க. எதைப் பார்த்துச் சொன்னாங்க என்று கேளுங்க." கேட்டோம். உடனே பதில் வந்தது. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பத்துப் பேருடைய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. அப்போது அந்த நாலு பேரில் ஒருத்தி பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

அன்று பின்னேரமே பெரட்டுக்களத்தில் மூன்று வசனம் சொன்னோம். அட்டை இலக்கம் எழுதியது உண்மை. எதற்கென்று எங்களுக்கு இன்னும் தெரியாது. நாளைக் காலை ஆபீசில் கேட்டு, நாளைப் பின்னேரம் இதே இடத்தில் சொல்வோம். மறுநாள் இரண்டு பேர் போனார்கள். ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் பத்துப் பேருடைய பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகவில்லை, அதைத் திருத்தத்தான் என்றார்கள். உங்களுக்குத் தெரியும், பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பிற்காலத்தில் அந்தக் காசை எடுக்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்று. பத்துப் பேரையும் ஆபீசுக்குக் கூட்டிப்போய் எந்தப் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று அவர்களே பார்க்க வைத்தோம். பின்னேரம் சொன்னபடி பெரட்டுக்களத்துக்கு வந்து, அந்தப் பத்துப் பேரில் இருவரையே பேசச் சொன்னோம். எங்கள் வாயால் சொல்லியிருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

கோள் சொன்ன கதை ஒன்று மிச்சம். அதற்கு எங்களிடம் நல்ல முடிவு இல்லை. அந்த நாலு பேரில் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கப்பிள்ளை வீட்டில் சமையல் வேலைக்குப் போவது உண்மை. அங்கே என்ன பேசினாள் என்பது யாருக்கும் தெரியாது. சொன்னாள் என்று நிரூபிக்கவும் முடியவில்லை, சொல்லவில்லை என்று நிரூபிக்கவும் முடியவில்லை. அந்த வேலையை விடச் சொல்லும்படி எங்களை நெருக்கினார்கள். மறுத்தோம். அந்த ஞாயிற்றுக் காசில்தான் அவள் பிள்ளையின் டியூஷன் ஓடுகிறது. அதற்குப் பதிலாக நிர்வாகத்திடம் ஒன்று கேட்டு வாங்கினோம்: யாரையாவது எச்சரிப்பதென்றால் எந்த நாள், எந்த மலை, என்ன தவறு, யார் கண்ணால் பார்த்தது என்று சொல்லித்தான் எச்சரிக்க வேண்டும், விசாரணையில் சங்கத் தலைவரும் இருக்க வேண்டும். கோள் சொல்வது நின்றதா என்று தெரியாது. கோளை வைத்து ஒருவருக்கும் வேலை போகவில்லை. அவளோடு இன்னும் பேசாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பேசு என்று நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. நிரையும் தராசும் சரியாக இருந்தால் போதும், பேசுவது அவரவர் விருப்பம்.

அந்தக் காது கேளாத அக்காவுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதை இப்போது கங்காணியே காலையில் பார்த்துக்கொள்கிறார். சிநேகிதி வேலைக்கு வராத நாளில் வேறு ஒருத்தியை நிறுத்துகிறார். அந்தக் கைப்பிள்ளைக்காரிகள் மூவரில் ஒருத்தியின் பிள்ளையையும் அந்தப் பாட்டியே கூட்டிப்போகிறார். மற்ற இருவர் வீடு தூரம்.

நிரைக் கொப்பியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறோம். கோடு போட்டிருக்கும் விதத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் தேத்தண்ணி நேரத்தில் எங்களிடம் வாருங்கள். திருப்பித் தந்துவிட வேண்டும், நாளைக்கு அதில் எழுத வேண்டியிருக்கிறது.