வீடு தாமதமானால்: வெளியேறுவதா, வட்டி பெறுவதா?
(குடியிருப்போர் உரிமைக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நொய்டாவிலும் மும்பையிலும் ஊழியர்களும் ஓய்வுபெற்றோரும் தங்கள் ஆயுட்காலச் சேமிப்பைக் கட்டுமான நிறுவனங்களிடம் செலுத்திவிட்டு, வாடகையையும் வங்கித் தவணையையும் ஒருசேரச் சுமந்து நிற்கின்றனர். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இவர்களுக்காக மாநிலந்தோறும் ஓர் ஆணையத்தை உருவாக்கியது. அச்சட்டத்தின் 18ஆவது பிரிவு இரு வழிகளைத் தருகிறது.

ஒன்று, திட்டத்திலிருந்து விலகி, செலுத்திய தொகை முழுவதையும் வட்டியுடன் திரும்பப் பெறுவது. மற்றது, விலகாமல், வீடு கைக்கு வரும் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்திற்கும் வட்டி பெறுவது. தேர்வு செய்யும் உரிமை வாங்குபவருடையது, நிறுவனத்துடையதன்று. பணத்தைத் திரும்பக் கோரும் உரிமை நிபந்தனையற்றது என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் உறுதிப்படுத்தியது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் 45 லட்சம் செலுத்தியுள்ளார். ஒப்படைப்பு 18 மாதம் தாமதமாகியுள்ளது. வட்டி விகிதத்தை மாநில விதிகள் நிர்ணயிக்கின்றன. கணக்கிற்காக ஆண்டுக்கு 10 சதவீதம் எனக் கொள்வோம். மாதத்திற்கு 37,500 ரூபாய். 18 மாதத்திற்கு 6,75,000 ரூபாய். கட்டிடம் முடியும் தறுவாயில் இருந்தால் இவ்வழியே பொருத்தமானது. வேலை அடித்தளத்திலேயே நின்றுவிட்டதெனில், விலகுவதைப் பரிசீலிக்க வேண்டும்.

தாமதம் எந்நாளிலிருந்து தொடங்குகிறது? விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிய நாளிலிருந்து. ஆணையத்தில் பதிவு செய்தபோது நிறுவனம் தானே குறித்த புதிய நாள் அதை மாற்றிவிடாது என்பதை 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இன்னொரு தந்திரத்தையும் அறிந்திருக்க வேண்டும். வட்டிக் கணக்கை நிறுத்துவதற்காக, குடியேற்றச் சான்றிதழ் பெறாமலேயே "வீடு தயார், வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்று கடிதம் அனுப்புவார்கள். உள்ளாட்சி அமைப்பு வழங்கும் அச்சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அது இல்லாத கடிதம் ஒப்படைப்பு ஆகாது.

புகாரை ஆணையத்தின் இணையதளத்தில், ஒப்பந்தம், பணம் செலுத்திய ரசீதுகள் ஆகியவற்றுடன் பதிவு செய்யலாம். மன உளைச்சல் போன்றவற்றுக்கான இழப்பீட்டை மட்டும் தீர்ப்பு வழங்கும் அதிகாரி தனியே விசாரிப்பார். உத்தரவை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீடு செய்தால், வாங்குபவருக்குத் தர வேண்டிய தொகையை முதலில் கட்டியாக வேண்டும்.

ஆயினும் உத்தரவு வேறு, பணம் கைக்கு வருவது வேறு. தராத தொகையை நில வருவாய்ப் பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வசூலிக்க வேண்டும். நிறுவனத்தின் நிலம் ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருந்தால் வசூல் கோப்பு அங்கேயே தேங்கிவிடும். ஆகவே, ஒவ்வொருவரும் தனித்தனியே அலைவதைவிட, ஒதுக்கீடு பெற்றோர் சங்கமாகப் புகார் அளிப்பதே வலிமை. சட்டம் அதற்கு இடமளிக்கிறது. பதிவு ரத்தான அல்லது காலாவதியான திட்டத்தில் எஞ்சிய பணிகளை ஏற்று நடத்தும் முதல் உரிமையும் அச்சங்கத்திற்கே உண்டு. கிளைத் தோழர்கள் இச்சங்கங்களை அமைக்க முன்வர வேண்டும்.