சான்றிதழை ரத்து செய்யுமுன்



ஒருவர் கையிலுள்ள சாதிச் சான்றிதழ் மெய்யானதா என்று ஆராயும் அதிகாரம் அரசாங்கத்துக்கு இருக்கத்தான் வேண்டும். பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பிறர் பொய்ச்சான்று காட்டிக் கவர்ந்துகொண்டால், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்க வந்த ஒரு பழங்குடிப் பிள்ளைக்கு அந்த இடம் இல்லாமற் போகிறது. ஆயினும், ஐயம் எழுந்த சான்றிதழை ரத்து செய்யுமுன் அதனை உடையவருக்கு எதைக் கொடுத்தாக வேண்டும் என்பதும் அதே அளவு நியாயமான கேள்வி. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதற்கு அடிப்படையாக நிற்பது 1994-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சகோதரிகள் இருவர் தாங்கள் மகாதேவ கோலி என்னும் பழங்குடியினர் என்று வழக்காட, அவர்கள் தந்தையின் பள்ளிப் பதிவோ இந்து கோலி என்று மாத்திரம் கூறிற்று; அவர்கள் வழக்கு தோற்றது. அந்த வழக்கிலேயே, இத்தகைய விசாரணைகளுக்கெல்லாம் பொதுவானதொரு முறையை நீதிமன்றம் வகுத்தது. மூவர் கொண்ட கூர்நோக்குக் குழு அமைய வேண்டும். பழங்குடியினர் விஷயமாயின், அம்மூவரில் ஒருவர் பழங்குடிகளை நன்கறிந்த ஆராய்ச்சி அலுவலராக இருத்தல் வேண்டும். காவல்துறை ஆய்வாளர் ஒருவர் சொந்த ஊருக்கே சென்று, பள்ளிப் பதிவு, பிறப்புப் பதிவு ஆகியவற்றைப் பார்வையிட்டு, பெற்றோரையும் குடும்பத்தை அறிந்தவர்களையும் விசாரித்து, குலதெய்வம், மணச் சடங்கு, ஈமச் சடங்கு முதலியவற்றையும் கேட்டறிந்து அறிக்கை எழுத வேண்டும். அவ்வறிக்கை பாதகமாக இருந்தால், அதன் நகலை இணைத்தே விளக்கம் கோரும் அறிவிப்பை அனுப்ப வேண்டும். நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர் சான்றிதழ்களை மாவட்ட விழிக்கண் குழுவும், பழங்குடியினர் சான்றிதழ்களை மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவும் ஆராய்கின்றன.

அந்த நகல் ஏன் அத்தனை முக்கியம் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். காட்டுநாயக்கன் என்று சான்று பெற்ற ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய தந்தையின் பள்ளிப் பதிவில் நாயக்கன் என்று மட்டுமே இருக்கிறது, குலச் சடங்குகளை அவர் அறியவில்லை என்று அறிக்கை சொல்கிறது. நகல் கைக்கு வராமல், குறித்த நாளில் ஆஜராகும்படி ஓர் அழைப்பு மட்டும் வந்தால், அவர் எதை மறுப்பார்? தம்மிடமுள்ள சான்றிதழையே மீண்டும் நீட்டிவிட்டுத் திரும்புவார். நகல் வந்திருந்தாலோ, பாட்டனார் காலத்து ஆவணத்தைத் தேடி எடுத்து, அதில் சாதிப்பெயர் முழுமையாக எழுதப்பட்டிருப்பதைக் காட்டவும், ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்று அறிந்து அதற்கு எதிர்ச்சாட்சியம் கொண்டுவரவும் அவரால் இயலும். சுதந்திரத்துக்கு முந்திய ஆவணங்களுக்கு மதிப்பு அதிகம் என்றும், குடிபெயர்ந்து நகரவாசம் செய்தவர்களிடம் பழைய வழக்கங்கள் மறைந்திருக்கக்கூடுமாதலால் சடங்குப் பரீட்சை ஒன்றையே உரைகல்லாகக் கொள்ளலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2011-லும் 2023-லும் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால், தம்மீது வந்த ஆட்சேபம் சடங்கைப் பற்றியது என்பதே தெரியாதவர் அந்தத் தீர்ப்புகளை எங்ஙனம் எடுத்துக்காட்டுவார்?

ஒருமுறை முடிந்த விசாரணையைத் திரும்பத் திரும்பக் கிளறுவதும் அநியாயமே. வள்ளுவன் சாதியினர் என்று 1982-இல் சான்று பெற்று அரசுப் பணியில் சேர்ந்த தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவரின் சான்றிதழை மாவட்டக் குழு 1999-இல் விசாரித்து மெய்யென்று கண்டது. அதன் பின்னரும் மாநிலக் குழு 2008-இல் அதனை ரத்து செய்தது. மோசடி நடந்திருந்தாலோ, முறையான விசாரணையின்றியே சான்று ஏற்கப்பட்டிருந்தாலோ அன்றி, முடிந்துபோன விசாரணையை மறுபடி திறக்கலாகாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2021-இல் அந்த ரத்து உத்தரவைத் தள்ளிவிட்டது.

ஆகவே, விளக்கம் கோரும் அறிவிப்பு வரப்பெற்றவர்கள் முதலில் அறிக்கையின் நகல் உடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் அதனை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். பதிலுக்குரிய அவகாசம் இரண்டு வாரம். எக்காரணத்தாலும் அது 30 நாட்களுக்கு மேற்படாது. சாதியை நிரூபிக்கும் பொறுப்பு சான்றிதழை உடையவரையே சாரும் என்பதால், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே, ஆவணத்தோடு பதில் எழுதி, நேரில் விசாரிக்கும்படியும் அதிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். குழுவின் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. அரசியல் சட்டத்தின் 226-ஆவது விதியின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாமே ஒழிய, அங்கே விசாரணை முறையாக நடந்ததா என்று ஆராய்வார்களேயன்றி, சாட்சியத்தைப் பெரும்பாலும் புதிதாக எடைபோட மாட்டார்கள். சாட்சியங்கள் முழுமையாக ஆராயப்படும் இடம் அந்தக் குழுவின் முன் மட்டுமே என்பதால்தான், அறிக்கையைக் கொடுக்காமல் ஒருவரை அங்கே நிறுத்துவது, விசாரணையே நடத்தாமல் தண்டிப்பதற்கு ஒப்பாகிறது.