சுருக்கக் குறிகளும் மூன்று அடிப்படைச் செயல்களும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஒரு பெரிய பட்டியலிலிருந்து வேண்டிய சொற்களைப் பொறுக்கி எடுக்க ரெகெக்ஸ் என்னும் வடிவக் குறிப்பை எழுதுகிறோம். அதில் +, ?, சதுர அடைப்பு ஆகிய குறிகள் வருகின்றன. இவை யாவும் எழுதுவோரின் வசதிக்காக வந்த சுருக்கங்களே. ஸ்டீபன் கிளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1951இல் எழுதி 1956இல் அச்சில் வந்த ஆய்வில், மூன்றே செயல்கள் போதும் என்று காட்டினார். 'இது அல்லது அது' என்னும் ஒன்றிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் தொடுப்பு, சுழி முறையோ பன்முறையோ திரும்ப வருதலைக் குறிக்கும் விண்மீன் என்பவையே அவை. சுருக்கத்தை இம்மூன்றாக விரித்து எழுதத் தெரிந்தவர்க்கே தாம் எழுதியது என்ன என்று விளங்கும்.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பல்லாவரம் 600043, குரோம்பேட்டை 600044, மேற்குத் தாம்பரம் 600045. முகவரிப் பட்டியலிலிருந்து இம்மூன்று அஞ்சல் எண்களை மட்டும் எடுக்க வேண்டும். சிலர் 600 045 என்று நடுவே இடைவெளி விட்டும் எழுதுவர். பொருத்தமான வடிவம் இது:

```
600 ?04[3-5]
```

வினாக்குறி, தனக்கு முன்னுள்ள ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிறது. அதனை 'அது அல்லது வெற்று' என்று ஒன்றிப்பாக்குகிறோம். வெற்றுச் சரத்தை ε என்றும், இடைவெளியை ␣ என்றும் குறிப்போம். சதுர அடைப்பும் ஒன்றிப்பே. எனவே விரிவு இவ்வாறு ஆகும்:

```
600(␣|ε)04(3|4|5)
```

இரண்டு வழி, மூன்று வழி; ஆக ஆறு சரங்கள். விரித்தபின் எண்ணிப் பார்ப்பதே நல்ல சோதனை என்பது நம் கருத்து.

'43 முதல் 45 வரை' என்று நினைத்து வேறொரு வகையில் எழுதுவோரும் உண்டு:

```
6000[43-45]
```

பார்வைக்கு இதில் குற்றம் தெரியாது. விரித்துப் பாருங்கள். சதுர அடைப்பு எண்களை அறியாது, தனி எழுத்துகளையே அறியும். அதனுள் இருப்பவை 4, பின் 3 முதல் 4 வரை, பின் 5. ஆகவே:

```
6000(3|4|5)
```

இது ஐந்து இலக்கமே கொண்டது! வரிக்குள் எங்கேனும் பொருந்தினால் போதும் என்று தேடும் நிரலில் 600045 அகப்படும். அதனால் எழுதியவர் சரி என்று எண்ணிவிடுவார். ஆனால் மாதவரம் பால்பண்ணைக் குடியிருப்பின் 600051உம் கூடவே வந்து நிற்கும், அதன் முதல் ஐந்து இலக்கம் 60005 ஆகையால். வடசென்னை முகவரி தென்சென்னைப் பட்டியலில் ஏறிவிடுகிறது.

அடுத்தது கூட்டற்குறி. 'ஒரு முறையேனும்' என்பது இதன் பொருள். r+ என்பதை rr* என்று எழுதுகிறோம்: ஒன்று கட்டாயம், மேலும் எத்தனையும் வரலாம். விண்மீனை மட்டும் இட்டுவிட்டால் வெற்றுச் சரமும் நுழைந்துவிடும். இதைவிட நுட்பமான வழுக்கல் ஒன்றுண்டு. [3-5]+ என்பதை எப்படி விரிப்பது?

```
(3|4|5)(3|4|5)*
33*|44*|55*
```

முதல் வரியே சரி. இரண்டாவதை எழுதுவோர், 'அதே இலக்கம் திரும்பத் திரும்ப' என்று கொண்டுவிடுகின்றனர். திரும்ப வருவது தேர்ந்தெடுத்த இலக்கம் அன்று; தேர்ந்தெடுக்கும் செயலே திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். எண்ணிப் பாருங்கள்: ஈரிலக்கச் சரங்கள் முதல் வரியில் ஒன்பது, இரண்டாவதில் 33, 44, 55 என மூன்றே. 45 விடுபட்டுப் போகிறது.

குறி எதைப் பற்றுகிறது என்பதையும் நோக்க வேண்டும். 45+ என்பதில் கூட்டற்குறி 5ஐ மட்டும் பற்றும்; விரிவு 455* ஆகும். (45)+ என்றாலோ 45(45)* ஆகும். பின்னதில் 4545 உண்டு, முன்னதில் இல்லை. விண்மீன் மிக இறுக்கமாகவும், தொடுப்பு அதனினும் தளர்ந்தும், ஒன்றிப்பு எல்லாவற்றிலும் தளர்ந்தும் பிணைக்கும். ஆதலால் ஒன்றிப்பாக விரித்தவுடன் பிறை அடைப்பு இடத் தவறக்கூடாது. 600043|4|5 போன்று அடைப்பின்றி எழுதினால், 4 உள்ள ஒவ்வொரு வரியும் பொருந்திவிடும்.

இவ்விரிவுக்கு விலையும் உண்டு. கூட்டற்குறி ஒன்று, தனக்குள் இருப்பதை இருமுறை எழுதச் செய்கிறது. ((a+b)+c)+ என்று மூன்றடுக்கு வந்தால், உள்ளிருக்கும் a எட்டு முறை எழுதப்படும். அதனால்தான் சுருக்கங்களை வைத்துக்கொள்கிறோம்.

எல்லாக் குறிகளும் இப்படி விரியுமோ என்றால், இல்லை. இன்றைய நிரல்களில் \1 என்றொரு குறி உண்டு. முன்னே பொருந்திய அதே சரம் மறுபடி வர வேண்டும் என்பது அதன் பொருள். (.+)\1 என்பதை ஒன்றிப்பு, தொடுப்பு, விண்மீன் ஆகியவற்றால் எழுதவே இயலாது. எவ்வளவு நீண்ட சரமாயினும் முற்பாதியை நினைவில் வைத்துக்கொண்டே பிற்பாதியோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது; கிளீனியின் மூன்று செயல்களுக்கு ஈடான பொறிக்கோ முன்கூட்டியே வரையறுத்த அளவு நினைவுதான் உண்டு.