சிறுவர் விளையாட்டுப் படங்களும் இரண்டு சம்மதங்களும்

(விளையாட்டு மன்றப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற பொங்கலையொட்டி நமது வட்டாரத்து ஊர் ஒன்றில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் கபடிப் போட்டி நடைபெற்றது. வென்ற சிறுவர்களின் படத்தை, பெயர், பள்ளி, ஊர் ஆகிய விவரங்களுடன் மன்றத்தார் அன்றிரவே முகநூலில் வெளியிட்டனர். மறுநாள் காலை ஒரு சிறுவனின் தாயார் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். கணவரின் கொடுமைக்கு அஞ்சி, தூரத்து உறவினர் வீட்டில், இருக்குமிடம் தெரியாமல் வாழ்ந்து வருபவர் அவர். "படத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கே அவர் வந்து நின்றால் நான் என்ன செய்வேன், ஐயா?" என்று கேட்டார்.

மன்றச் செயலாளரை அழைத்து விசாரித்தேன். நல்ல மனிதர். "ஸ்டூடியோக்காரருக்குப் பணம் கொடுத்து எடுத்த படம், எங்களுக்கு உரிமையில்லையா?" என்றார். பாதி சரி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையெனில், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். ஆனால் ஊர் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் தாமாகவே எடுத்த வீடியோ அவருக்கே உரியது. அவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததனால் மட்டும் அது மன்றத்தின் சொத்தாகிவிடாது. வெளியிடுமுன் அவரைக் கேட்டல் வேண்டும்.

படத்துக்கு உரிமை வேறு, படத்தில் நிற்கும் பிள்ளையின் உரிமை வேறு என்பதைத்தான் செயலாளர் எண்ணிப் பார்க்கவில்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோர் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; இப்பிரிவு அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளது. அந்தத் தாயாரின் அச்சமோ எந்தத் தேதிக்கும் காத்திருக்கவில்லை.

செயலாளர் உடனே முகநூற் படத்தை நீக்கினார். ஆனால் அது அதற்குள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குச் சென்றிருந்தது. அனுப்பியவர்களை நேரில் கண்டு அழிக்கச் சொன்னோம். பார்த்தவர்களில் யார் சேமித்து வைத்தார் என்பதை அறிய வழியில்லை. ஆகவே கேட்க வேண்டிய நேரம், பிள்ளையின் பெயரைப் பதியும் நேரமே. அம்மன்றத்தார் இப்போது நுழைவுத் தாளிலேயே தனியாகச் சில வரிகள் சேர்த்துள்ளனர்: படம் எந்தப் பக்கத்தில் வெளியாகும், பெயர் சேர்க்கலாமா, பின்னர் நீக்கச் சொல்ல யாரிடம் வரவேண்டும் என்பவை. 'வேண்டாம்' என்று எழுதிய பெற்றோரின் பிள்ளையும் ஆடலாம். தடை படத்துக்குத்தான், ஆட்டத்துக்கு அன்று. அப்பிள்ளை கோப்பையுடன் நிற்கும் குழுப்படத்தைப் பெற்றோருக்கு அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். வெளியிடுவதற்கு வேறொரு படம் எடுக்கிறார்கள். ஆட்டத்தின் வீடியோவில் இப்படிப் பிரிக்க இயலாது. ஆதலால் அந்த ஆட்டத்தை வெளியிடுவதில்லை.

ஸ்டூடியோக்காரர் தம் கடை விளம்பரத்துக்கு இப்படங்களைப் போடுவதும் உண்டு. உரிமை மன்றத்துடையதாதலால் அதை மறுக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் அதை எழுதி, கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.