நஷ்டமே வராத குழு

உங்களைக் கேட்காமலே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். "இன்றைக்கு நாற்பதாயிரம் லாபம்" என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் போடுகிறார். "நன்றி சார்" என்கிறார் இன்னொருவர். ஒரு வாரம் சும்மா பாருங்கள். சந்தை சரிந்த நாளில்கூட அங்கே யாருக்கும் நஷ்டம் வராது. நன்றாக ஓடும் காய்கறிக் கடையிலும் ஒருநாள் தக்காளி அழுகும், இல்லையா? லாபம் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கும்பல்தான்.

அவர்கள் தரும் செயலியில் பணம் போட்டால் உங்களுக்கும் லாபம் ஏறும். ஏறுவது வெறும் எண். ஆயிரம் ரூபாய் கேட்டால் உடனே தருவார்கள். லட்சம் கேட்டால், "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள்.

அதற்கு முன்பே மோசடியைக் கண்டுபிடிக்கலாம். நிஜமாகப் பங்கு வாங்கியிருந்தால் அது உங்கள் டீமேட் கணக்கில் இருக்கும். என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பும் அறிக்கையில் அந்தப் பங்கின் பெயர் வரும். செயலியில் இருக்கிறது, அறிக்கையில் இல்லையா? அப்படியென்றால் பங்கு வாங்கவே இல்லை. மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்புண்டு.