பிக்ஸ் காசை இடையில் எடுக்கப் போகும் முன்

(பதுளையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேவைக்காலப் பணமும் ஈ.பி.எப். பணமும் கைக்கு வந்தவுடன் நம்மவர்களில் பலர் செய்கிற நல்ல காரியம், அதைக் கொண்டுபோய் வங்கியில் நிலையான வைப்பாகப் போடுவது. பிக்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டில் ஓர் ஆபத்து வந்து, முதிர்வதற்கு முன்பே அந்தக் காசை எடுக்கப் போகும்போதுதான் சிக்கல் வருகிறது. "எடுக்கலாம், ஆனால் பைன் இருக்கிறது" என்கிறார்கள். அந்தப் பைனை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பது எப்படி, கேட்பது எப்போது பிரயோசனம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஓர் அக்கா சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். 4 இலட்சம் ரூபாவை அவர் பேரிலும் கணவர் பேரிலும் ஒரு வருடத்துக்கு 8 வீத வட்டியில் போட்டிருந்தார். வட்டி மாதாமாதம் கணக்கில் விழும். மாதம் 2,667 ரூபா. ஏழு மாதம் ஆனபோது கணவர் மலைப்பாதையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை இலவசம்தான். ஆனால் உள்ளே வைக்கும் பொருளை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. போக்குவரத்து, துணைக்கு நிற்பவர் செலவு எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் தேவைப்பட்டது.

அவர் வங்கிக்குப் போய் வாயால் கேட்டார். முழு வைப்பையும் உடைத்தால் 3,90,667 ரூபா கிடைக்கும் என்றார்கள். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "வட்டியை வெட்டினாப் பரவாயில்ல தம்பி, போட்ட காசுலயே வெட்டிட்டாங்களே!" என்றார்.

முதலில் இந்த வெட்டு என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். வங்கி தனியாக ஓர் அபராதத் தொகையை எழுதுவதில்லை. ஒரு வருடம் வைக்கிறேன் என்றதற்காகத் தந்த 8 வீதத்தை விலக்கிவிட்டு, நீங்கள் உண்மையில் வைத்திருந்த காலத்துக்குக் குறைந்த வட்டியில் மறுபடி கணக்குப் பார்க்கிறது. அக்காவின் வங்கியில் அது 4 வீதம். ஏழு மாதத்துக்கு 8 வீதப்படி 18,667 ரூபா அவர் ஏற்கனவே வாங்கிவிட்டார். 4 வீதப்படி சேர வேண்டியது 9,333 மட்டுமே. மீதி 9,333 ரூபாவை எங்கிருந்து திருப்பி எடுப்பது? செலவழித்த வட்டியைத் திருப்பிக் கேட்க முடியாது, ஆகவே முதலில் கழிக்கிறார்கள். மாத வட்டி வாங்குகிற எல்லோருக்கும் இது நடக்கும். முடிவில் மொத்தமாக வட்டி வாங்குகிறவர்களுக்கு முதல் குறையாது, வட்டிதான் குறையும். இழப்பு இருவருக்கும் ஒன்றே. அப்போதைய 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் ஏறக்குறைய ஏழு நாள் பேர். (வரிக் கழிவை நான் இந்தக் கணக்குகளில் சேர்க்கவில்லை.)

வங்கிக்கு வங்கி இந்த விதி மாறும். சில இடங்களில் சேமிப்புக் கணக்கு வட்டி, சில இடங்களில் முடிந்த மாதங்களுக்குரிய வட்டியில் ஒரு வீதமோ இரண்டு வீதமோ குறைவு. ஆரம்ப மாதங்களில் உடைத்தால் வட்டியே தராத வங்கிகளும் உண்டு. உங்கள் சீட்டின் பின்புறத்திலோ, வைப்புப் போடும்போது கையெழுத்திட்ட படிவத்திலோ அது இருக்கும். விளங்கும் மொழியில் தரும்படி கேளுங்கள்.

இந்த வெட்டை விட்டுக்கொடுப்பது நமக்குள்ள உரிமை அல்ல, தோழர்களே. இதை நான் ஒளிக்க விரும்பவில்லை. காலம் முடியும்வரை எடுக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவர்கள் நாம். அது முகாமையாளரின் தற்றுணிபு. பல நேரம் அவருக்கும் அதிகாரம் இல்லை, பிராந்தியக் காரியாலயத்துக்கு அனுப்புவார். அவர்கள் காகிதம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் கூட்டியது. பின்பு ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. பழைய வைப்பை உடைத்து கூடிய வட்டிக்குப் போடுவது அப்போது இலாபமாகிவிட்டது. வைத்தியச் செலவுக்கு வருகிறவரும் வட்டி தேடி ஓடுகிறவரும் வங்கியின் மேசையில் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "அவசரம் ஐயா." இருவரையும் பிரித்துக் காட்டுவது காகிதம் ஒன்றுதான்.

ஆகவே அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். தமிழில்தான் எழுதினோம். அதன் சாரத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

"முகாமையாளர் அவர்கட்கு. எனது பெயரிலும் கணவர் பெயரிலும் உள்ள இன்ன இலக்க நிலையான வைப்பு, 4,00,000 ரூபா, இன்ன திகதியில் முதிர்வடைகிறது. கணவரின் சத்திரசிகிச்சைக்காக அதனை முன்கூட்டியே மீளப்பெற வேண்டியுள்ளது. பூர்த்தியான ஏழு மாதங்களுக்கும் உடன்பட்ட 8 வீத வட்டியையே வழங்கி, செலுத்திய வட்டியை முதலிலிருந்து கழிக்காமல் விடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். பணம் இன்ன திகதிக்கு முன் தேவை. வைத்தியரின் கடிதம், கிளினிக் கொப்பியின் பிரதி, பொருளின் விலைக் கடிதம், திருமணச் சான்றிதழின் பிரதி என்பவற்றை இணைத்துள்ளேன். தங்கள் முடிவை எழுத்தில் அறியத் தரவும்."

அவ்வளவுதான். கஷ்டத்தை இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டாம். "பைனைக் குறையுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் என்ன குறைப்பது என்று அவர்களுக்கே தெரியாது. எந்த வட்டி, எத்தனை மாதத்துக்கு என்று சொல்ல வேண்டும். பொருளின் விலைக் கடிதம்தான் எல்லாவற்றிலும் பலமானது. வேண்டுமானால் அந்தக் கம்பனிக்கே நேராகப் பணத்தை அனுப்புங்கள் என்று சொன்னால் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஒரு தடை வந்தது. வைப்பு இருவர் பேரில் இருந்ததால் கணவரின் கையொப்பமும் வேண்டும் என்றார்கள். அவரோ வாட்டில் படுத்திருக்கிறார். படிவத்தை மகன் வாட்டுக்குக் கொண்டுபோய் ஒப்பம் வாங்கி வருவதில் ஒரு நாள் போனது. கூட்டாக வைப்புப் போட்டவர்கள் இதை மனதில் வையுங்கள்.

சத்திரசிகிச்சை வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்காது. ஆகவே கடிதம் கொடுத்த அன்றே, வைப்பின் மேல் ஒன்றரை இலட்சம் கடன் கேட்கச் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம காசுக்கு நாமளே வட்டி கட்டுறதா தம்பி?" லயத்து வாசலில் நுண்கடன்காரன் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் கடன் என்ற சொல்லே பயம்தான். ஆனால் இது வேறு கடன். பிணையாள் வேண்டாம், வைப்பே பிணை. வட்டி வழமையாக வைப்பின் வட்டியை விட இரண்டொரு வீதம்தான் கூட. வைப்பு முதிரும்போது கடனை அதிலேயே கழித்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 10 வீதத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மாத வட்டி 1,250. வைப்பு உடையாததால் 2,667 வழமைபோல வரும். இரண்டையும் கழித்தால் மாதம் 1,417 ரூபா கையில் மிஞ்சும். அன்று பின்னேரமே கடன் கிடைத்தது.

எட்டு நாள் கழித்துப் பிராந்தியக் காரியாலயத்திலிருந்து பதில் வந்தது: கேட்டபடியே வெட்டில்லாமல் உடைக்கலாம். அக்கா சந்தோசத்தோடு ஓடி வந்தார். மறுபடி கணக்குப் போட்டோம். உடைத்து ஒன்றரை இலட்சத்தை எடுத்தால் மீதி இரண்டரை இலட்சத்தை அன்றைய குறுகிய கால வட்டியான 7 வீதத்தில் போடலாம். மாதம் 1,458 வரும். கடனோடு இருந்தால் 1,417. வித்தியாசம் 41 ரூபா! அதற்காகத் திரும்பவும் பஸ் ஏறி, வாட்டுக்குப் படிவம் கொண்டுபோவதா? அப்படியே விட்டுவிட்டார். வெட்டோடு உடைத்திருந்தால் 9,333 ரூபா போயிருக்கும்.

அப்படியானால் கடிதம் வீண் வேலையா என்று கேட்பீர்கள். இல்லை. அவருக்கு முழு 4 இலட்சமும் தேவைப்பட்டிருந்தால் கடன் போதாது. வைப்பில் 90 வீதம் வரைதான் வழமையாகத் தருவார்கள். அந்த நேரத்தில் அந்தக் கடிதத்தின் பெறுமதி 9,333 ரூபா. சிறு பகுதி மட்டும் வேண்டி, முதிர்வுக்குக் கொஞ்ச மாதமே இருந்தால் கடன்தான் சுலபம்.

இதற்கு நேர் எதிரான கதை அப்புத்தளைப் பக்கத்து ஐயா ஒருவருடையது. அவருடைய ஆறு மாத வைப்பு முதிர்ந்த நாளில் மனைவி வைத்தியசாலையில். பன்னிரண்டு நாள் கழித்துப் போனார். அதற்குள் வைப்பு தானாகவே இன்னொரு ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. "இனி ஆறு மாதம் போக வேண்டும்" என்று யாரோ சொல்ல, பேசாமல் திரும்பி வந்து வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். போன ஆறு மாத வட்டி அவருக்கு ஏற்கனவே சேர்ந்துவிட்டது, அதை யாரும் தொடுவதில்லை. புதிய தவணையை உடைத்தால் போவது அந்தப் பன்னிரண்டு நாள் வட்டி மட்டும்தான். அவர் எழுத வேண்டியிருந்தது ஒரே வரி: இன்ன காரணத்தால் முதிர்வுத் திகதியில் வர முடியவில்லை, புதுப்பித்தலை ரத்துச் செய்து பணத்தைத் தரவும். மனைவி வாட்டில் இருந்த திகதிகளைக் காட்டும் டிக்கெட்டே அதற்குச் சாட்சி.

மறுத்தால் என்ன செய்வது? முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் பிரிவு இருக்கிறது, 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். தாங்கள் எழுதிய நிபந்தனையை விடக் கூடுதலாக வெட்டினார்களா, கணக்கை மறைத்தார்களா என்றால் அங்கே பேச இடமுண்டு. வெறுமனே இரக்கம் காட்டவில்லை என்றால் அவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

புதிதாகப் போடப் போகிறவர்கள் 4 இலட்சத்தை ஒரே சீட்டில் போடாமல் ஓர் இலட்சமாக நான்கு சீட்டில் போட்டால், ஆபத்துக்கு ஒன்றையோ இரண்டையோ உடைத்தால் போதும். வட்டி குறையுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டு வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு இந்த மேசைப் பக்கம் வாருங்கள். உங்கள் சீட்டின் முதிர்வுத் திகதி எது, பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்போம்.